தேதி போட்ட நடப்பு நிகழ்வு நோட்டு: கேள்வி பதில்

செல்வி, தேனி: குரூப் 4க்குத் தினமும் தேதி போட்டு எழுதுகிறேன். பழைய வினாத்தாளோடு எப்படி இணைப்பது?

முதலில், போடுவது எந்தத் தேதி என்று பாருங்கள். பேப்பரில் படித்த நாளைப் போட்டால் பயனில்லை, நிகழ்ந்த நாள் வேண்டும். மகளிர் இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். மசோதா 2023 செப்டம்பர் 19 அன்று அறிமுகமானது. மக்களவையில் 20, மாநிலங்களவையில் 21, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 28. இந்த நான்கும் ஒரே பதிவுக்குள் வர வேண்டும். தினம் ஒரு பக்கம் என்று எழுதினால் நான்கு இடத்தில் சிதறிவிடும்.

இடப்பக்கம் செய்தி. வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், பழைய வினாத்தாள் அங்கேதான் வரும். அரசியலமைப்புத் திருத்தம் எந்தெந்த வடிவத்தில் கேட்கப்பட்டிருக்கிறது என்று தேடி, வினாத்தாளின் ஆண்டையும் கேள்வி எண்ணையும் குறியுங்கள். எண்ணைப் பொருத்துக என்று வந்திருந்தால் உங்கள் பதிவில் இரண்டு எண்ணும் இருக்கிறதா? மகளிர் இடஒதுக்கீடு மசோதாவாக 128, சட்டமான பிறகு 106ஆவது திருத்தம். ஜிஎஸ்டியும் அப்படித்தான்: மசோதா 122, திருத்தம் 101. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். உள்ளாட்சி இடஒதுக்கீடு பற்றிய கேள்வி கண்ணில் பட்டால், 73ஆவது திருத்தத்தையும் வலப்பக்கத்தில் சேருங்கள்.

முருகன்: எந்தப் பேப்பர் வாங்கலாம் சார்?

இங்கே பேசுவது நோட்டைப் பற்றி. வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழே போதும்.

பிரபு, சேலம்: கடைசி ஆறு மாத நிகழ்வு போதும். பழையதை எழுதுவது வீண்.

விருது, விளையாட்டு, நியமனம் இவற்றுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்தும். திருத்தங்களுக்குப் பொருந்தாது. 106 இனி அரசியலமைப்புப் பாடத்தின் பகுதி, எந்த ஆண்டிலும் வரலாம்.

பிரபு: அப்படியானால் அது பாடப்புத்தக நோட்டில் இருக்கட்டுமே. இங்கே எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு வருடம் கழித்து அப்படி மாற்றிவிடலாம். ஆனால் சட்டம் அமலாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் பிறகான தொகுதி மறுவரையறை இரண்டையும் சார்ந்தது. அந்தச் செய்திகள் வரும்போது தொடர்ந்து எழுத இதே பக்கம் கையில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரேவதி அக்கா: நான் மூன்று நோட்டு நிரப்பிவிட்டேன், ரிவிஷன் செய்ய முடியவில்லை. குழந்தையும் இருக்கிறாள்.

புதிதாக எழுதுவதை இரண்டு வாரம் நிறுத்துங்கள் அக்கா. பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் அதே வகைக் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். இல்லாததைப் பென்சிலால் அடியுங்கள். கிழித்துவிடாதீர்கள். தலைவர்களின் வெளிநாட்டுப் பயணங்கள்தான் முதலில் அடிபடும் என்று நினைக்கிறேன்.

கார்த்தி: மாதத் தொகுப்பு பிடிஎஃப் இருக்கும்போது நோட்டு எதற்கு?

தொகுப்பில் வலப்பக்கம் இல்லை. தேதியைச் சரிபார்க்காமல் அதிலிருந்து எழுதவும் வேண்டாம்.

தினேஷ்: எந்தப் பேப்பர் சார் நல்லது?

முருகனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.