‘ஜெ வெ’ என்று தொடங்கினால் ஏன் முகம் மாறுகிறது?

கேள்வி: லியோனில் இருக்கிறேன். டாக்டரிடம் நேரம் வாங்கப் போன் செய்தால், எடுக்கும் அம்மா அழுத்தி ‘போன்ஜூர், மதாம்’ என்று சொல்லிவிட்டு அப்புறம் ஒட்டாமலே பேசுகிறார். நான் சொல்வது இதுதான்: ‘ஜெ வெ அன் ரான்தேவூ தெமான் மதான், தொன்னே முவா நெவேர், சில் வூ ப்ளே.’ அதாவது, ‘எனக்கு நாளைக் காலை நேரம் வேண்டும், ஒன்பது மணி கொடுங்கள், தயவுசெய்து’. ‘நீங்கள்’ என்கிற ‘வூ’ போட்டுத்தான் பேசுகிறேன், ‘சில் வூ ப்ளே’யும் சொல்கிறேன். இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த ‘போன்ஜூர், மதாம்’. அது உங்களுக்கு அவர் சொன்ன வணக்கம் மட்டுமில்லை, நீங்கள் வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்குப் போய்விட்டீர்கள் என்பதைச் சுட்டிக்காட்டுவதும்தான். பிரான்சில் இது எல்லாக் கவுண்டரிலும் நடக்கும். ‘போன்ஜூர்’ சொல்லி, எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்வரை ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் காரியத்தைத் தொடங்க வேண்டும். இது இல்லாமல் பின்னால் என்ன இலக்கணம் போட்டாலும் எடுபடாது.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். நம் பேச்சில் ‘கொடுங்க’ என்று சொன்னாலே போதும், அந்த ‘ங்க’ மரியாதையைச் சுமந்துகொண்டு போய்விடும். அந்தப் பழக்கத்தில் ‘வூ’ போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பிரெஞ்சில் ‘வூ’ நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள், எவ்வளவு பழக்கம் என்பதை மட்டும்தான் காட்டும். கேட்பது கட்டளையா வேண்டுகோளா என்பதை வினைச்சொல்லின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. ‘தொன்னே முவா’ என்பது ‘வூ’ வடிவத்தில் இருந்தாலும் கட்டளைதான். ‘ஜெ வெ’ என்பதும், எதையாவது கேட்கும்போது, ‘எனக்கு வேண்டும், அவ்வளவுதான்’ என்ற தொனியில் விழுகிறது. பின்னால் ‘சில் வூ ப்ளே’ ஒட்டினால் கொஞ்சம் தணியும், ஆனால் முழுதாக மாறாது. (யாராவது காபி வேண்டுமா என்று கேட்கும்போது ‘ஜெ வெ பியான்’ என்று ஏற்றுக்கொள்வது வேறு. அது நல்ல மரியாதையான பதில், அதைப் பயமில்லாமல் சொல்லுங்கள்.)

தீர்வு கோந்திசியொனெல், அதாவது ‘அப்படியானால் இப்படி இருக்கும்’ என்கிற நிபந்தனை வினை வடிவம். எல்லா வினைக்கும் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேண்டுகோளுக்கு நான்கு வினைகள் போதும்: ‘ஜெ வூத்ரே’ (எனக்கு வேண்டியிருந்தது என்பது போல), ‘வூ பூரியே’ (உங்களால் முடியுமா), ‘வூ ஸோரியே’ (உங்களிடம் இருக்குமா), ‘செ செரே’ (அது இருக்குமா, ஆகுமா). இவற்றை வைத்து உங்கள் போன் பேச்சைத் திரும்பக் கட்டுவோம்.

‘போன்ஜூர், மதாம்.’ நிறுத்துங்கள், அவர் பதில் சொல்லட்டும். ‘ஜெ வூத்ரே ப்ராந்த்ர் ரான்தேவூ, சில் வூ ப்ளே.’ இங்கேயும் ஒரு இடைவெளி விடுங்கள். பெரும்பாலும் அவரே எப்போது, யாருக்கு என்று கேட்பார். அப்போது ‘எஸ் கெ செ செரே பொஸிப்ள் தெமான் மதான்?’ என்று கேளுங்கள். காலை வேண்டும் என்ற உங்கள் விருப்பம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முடிவு அவர் கைக்குப் போய்விட்டது. ‘இல்லை’ என்று சொல்ல அவருக்கு வழி இருக்கிறது. நாளை இடமில்லை என்றால், ‘வூ நோரியே பா யூன் ப்ளாஸ் தான் லா செமேன்?’ (இந்த வாரத்துக்குள் ஏதாவது இடம் இருக்காதா?) என்று எதிர்மறையில் கேளுங்கள். இந்தக் ‘பா’ இன்னும் ஒரு படி மென்மையாக்கும், ஏனென்றால் ‘இல்லை’ என்ற பதிலை நீங்களே பாதி தயார் செய்து கொடுத்துவிடுகிறீர்கள். அடுத்த நோயாளி காத்திருக்கிற நேரத்தில் ஒரு செக்ரெத்தேருக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, கோந்திசியொனெல் இல்லாமலே, கடந்த காலத்தில் கேட்பது: ‘ஜெ வூலே சவ்வார் சி...’, ‘... என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்’ என்பது போல. இப்போதுதான் கேட்கிறீர்கள், இருந்தாலும் பழைய எண்ணம் மாதிரி சொல்வதால் அழுத்தம் குறைகிறது. கேள்வி கேட்கவும் விவரம் விசாரிக்கவும் இதைவிட இயல்பானது கிடையாது.

ஒலியில் ஒரு சின்ன எச்சரிக்கை. ‘பூரே வூ’ என்றால் எதிர்காலம், ‘பூரியே வூ’ என்றால் மென்மையான வேண்டுகோள். நடுவில் அந்த ‘யி’ தெளிவாக விழ வேண்டும். ‘நான்’ வடிவத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும், பல பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் வித்தியாசம் காட்டுவதில்லை. ஆனால் எழுதும்போது கோந்திசியொனெலுக்குக் கடைசியில் ‘எஸ்’ உண்டு, எதிர்காலத்துக்குக் கிடையாது. மின்னஞ்சலில் அதை விட்டுவிட்டால் ‘எனக்கு வேண்டியிருந்தது’ என்பது ‘எனக்கு வேண்டியிருக்கும்’ என்று மாறிப்போகும்.

மின்னஞ்சல் என்றதும் இன்னொன்று. மரியாதையாக எழுத வேண்டும் என்ற ஆசையில் ‘சி வூ பூரியே...’ என்று தொடங்கிவிடுவார்கள். ‘செய்தால்’ என்ற பொருளில் வரும் ‘சி’க்குப் பின்னால் கோந்திசியொனெல் வராது, கடந்த கால வடிவமான ஆம்பர்ஃபேதான் வரும்: ‘சி வூ பூவியே மான்வ்வாயே லோர்தொனான்ஸ் பார் மெயில், செ செரே ஜான்தி’ (மருந்துச் சீட்டை மெயிலில் அனுப்ப முடிந்தால் நன்றாக இருக்கும்). கோந்திசியொனெல் இரண்டாம் பாதியில்தான் உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் மேலே சொன்ன ‘ஜெ வூலே சவ்வார் சி வூ பூரியே...’ சரிதான். அங்கே ‘சி’ என்பது ‘முடியுமா என்று’ எனக் கேட்கிற ‘சி’. இந்த இரண்டு ‘சி’யையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுற்றத் தேவையில்லை. புலாஞ்சரியில் வரிசையில் நிற்கும்போது ‘போன்ஜூர், யூன் பாகெத், சில் வூ ப்ளே’ போதும், யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள். ‘ஒரு பாகெத் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற பொருளில் ‘ஜெ வே ப்ராந்த்ர் யூன் பாகெத்’ என்றும் நிறையப் பேர் சொல்கிறார்கள். கடையில் ரொட்டி விற்பது அவர்கள் வேலை, நீங்கள் அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. மென்மை தேவைப்படுவது, கேட்பதால் எதிரில் இருப்பவருக்குக் கூடுதல் வேலை வரும்போதும், மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கும்போதும்தான்.

அப்புறம் இந்த வடிவத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குரலை ஏற்றாமல், கீழே இறக்கி ‘வூ பூரியே தீர் போன்ஜூர்’ என்றால் அது வேண்டுகோள் இல்லை, ‘ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம்’ என்ற கண்டிப்பு. ஆகவே நீங்கள் கேட்கும்போது வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போகட்டும், அல்லது முன்னால் கேள்வி என்று காட்டும் ‘எஸ் கெ’ போட்டுவிடுங்கள். அப்போது யாரும் தப்பாகக் கேட்க முடியாது. ‘வூ ஸோரியே ப்யூ...’ என்று தொடங்கினால் கண்டிப்பு இன்னும் நேரடி. அது நடந்து முடிந்ததைப் பற்றியது, இனிச் செய்யச் சொல்லிக் கேட்க ஒன்றுமில்லை. நேரம் ரத்தாவதைச் சொல்லாமல் நீங்கள் வராமல் போன அன்று ‘வூ ஸோரியே ப்யூ ப்ரெவ்னீர்’ என்று அவர் சொன்னால், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ‘தெஸொலே, மதாம்’ என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ‘எஸ் கெ ஜெ பூரே ரெப்ராந்த்ர் ரான்தேவூ?’ என்று அடுத்த நேரத்தைக் கேளுங்கள்.