கிடைத்ததெல்லாம் நஷ்டம், லாபம் தந்தது கிடைக்கவில்லை!

கேள்வி: நிறுவனங்கள் முதன்முறையாகப் பங்கு விற்கும் ஐபிஓ ஒவ்வொன்றுக்கும் ஒரு லாட் விண்ணப்பிக்கச் சொல்கிறார் அலுவலக நண்பர். "கிடைக்காவிட்டால் பணம் திரும்பிவிடும், என்ன நஷ்டம்?" என்கிறார். அப்படியே செய்தேன். இறங்கிய பங்குகள் எல்லாம் எனக்குக் கிடைத்தன. ஏறியவை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என் ராசி அப்படியா? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ராசியை விடுங்கள். எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் எவருக்கும் இதுதான் நடக்கும், ஏனென்றால் ஒதுக்கீட்டு முறையே அப்படி. சில்லறை முதலீட்டாளர் பகுதிக்கு அளவுக்கு மேல் விண்ணப்பம் வந்தால், குலுக்கலில் தேர்வாகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு லாட் தருவார்கள். எல்லோரும் விரும்பும் பங்கில் கூட்டம் அதிகம், வாய்ப்புக் குறைவு. யாரும் சீண்டாத பங்கில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும்.

இரண்டு வெளியீடுகளைப் பாருங்கள். 2021 நவம்பரில் பேடிஎம் பங்கு 2,150 ரூபாய்க்கு வந்தது. ஒரு லாட்டுக்கு 6 பங்கு, அதாவது 12,900 ரூபாய். சில்லறைப் பகுதிக்கு வந்த விண்ணப்பம் ஏறக்குறைய 1.66 மடங்குதான். பட்டியலான அன்று பங்கு 1,564 ரூபாய்க்கு இறங்கி முடிந்தது. லாட்டுக்குச் சுமார் 3,500 ரூபாய் நஷ்டம். 2023 நவம்பரில் டாடா டெக்னாலஜிஸ் 500 ரூபாய்க்கு வந்து 1,200 ரூபாயில் பட்டியலானது. 30 பங்கு கொண்ட லாட்டுக்கு 21,000 ரூபாய் லாபம்! ஆனால், சில்லறைப் பகுதியில் ஏறக்குறைய 16 மடங்கு விண்ணப்பம்.

உத்தேசமாகச் சொன்னால், பேடிஎம் கிடைக்க பத்தில் ஆறு வாய்ப்பு, டாடா டெக்னாலஜிஸ் கிடைக்கப் பதினாறில் ஒன்று. சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட லாட் கேட்பதால் உண்மையான வாய்ப்பு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 21,000 ரூபாயைப் பதினாறால் வகுத்தால் எதிர்பார்க்கக்கூடிய லாபம் சுமார் 1,300 ரூபாய். 3,500 ரூபாயைப் பத்தில் ஆறு வாய்ப்பால் பெருக்கினால் எதிர்பார்க்கக்கூடிய நஷ்டம் 2,100 ரூபாய். ஏறிய அளவு இறங்கியதைப்போல் ஆறு மடங்கு. ஆனாலும் இரண்டுக்கும் விண்ணப்பித்தவரின் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கிறது. சந்தை சூடாக இருக்கும் ஆண்டுகளில் பல பங்குகள் ஏறி, கூட்டிக் கழித்தால் லாபம் வருவதும் உண்டு. உங்கள் நண்பர் அத்தகைய ஆண்டில் தொடங்கியிருக்கலாம்.

ஆகவே, பெரும்பாலானவற்றை விட்டுவிடுங்கள். எதை விடுவது என்பதற்கு என் வழக்கம் எளிது: விண்ணப்பம் திறந்த முதல் இரண்டு நாள் பேசாமல் இருப்பேன். முதல் நாள் விண்ணப்பித்தவருக்குக் குலுக்கலில் எந்த முன்னுரிமையும் கிடையாது. பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் கடைசி நாள்தான் வருவார்கள். அன்று பிற்பகல் 2 மணிக்கு மேல் என்எஸ்இ அல்லது பிஎஸ்இ இணையதளத்தில் அவர்கள் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். டாடா டெக்னாலஜிஸுக்கு அது 200 மடங்கைத் தாண்டியது. பேடிஎம்முக்கு மூன்று மடங்குகூட இல்லை. நிறுவனங்களே தயங்கும் வெளியீட்டில் உங்கள் 13,000 ரூபாய்க்கு என்ன வேலை? பார்த்தபிறகு தாமதிக்க வேண்டாம். யூபிஐ அனுமதியை மாலை 5 மணிக்குள் கொடுத்தாக வேண்டும், சில தரகு நிறுவனங்கள் அதற்கு முன்பே விண்ணப்பத்தை மூடிவிடும்.

விளக்க அறிக்கையில் இன்னொன்றையும் பாருங்கள். வழக்கமாகச் சில்லறை முதலீட்டாளருக்குக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்குவார்கள். அது 10 சதவீதத்துக்கு மிகாது என்றிருந்தால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் லாபத் தகுதியை அந்த நிறுவனம் எட்டவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பேடிஎம் அந்த வகை. சொமேட்டோவும் அந்த வகைதான், அது முதல் நாளே நன்றாக ஏறியது. ஆகவே இது தடை அல்ல, கூடுதலாகப் படிக்கச் சொல்லும் எச்சரிக்கை. பட்டியலாகும் முன்பே சந்தைக்கு வெளியே பேசப்படும் கூடுதல் விலையான கிரே மார்க்கெட் பிரீமியத்தை நான் பார்ப்பதே இல்லை. யார் சொன்ன விலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தேர்ந்தெடுத்த வெளியீட்டுக்கு ஒரே பெயரில் நான்கு லாட் கேட்பது, நல்ல கூட்டமிருக்கும்போது வாய்ப்பைக் கூட்டாது. உங்கள் கணவர் தன் பான், தன் டீமேட், தன் வங்கிக் கணக்கிலிருந்து தனியாக விண்ணப்பித்தால் கூடும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து அவர் பெயருக்குப் பணம் கட்டினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

நிறுவனம் பிடித்திருக்கிறது, விலைதான் உறுத்துகிறது என்றால் பட்டியலான பிறகு வாங்கலாம். அங்கே குலுக்கல் இல்லை. 2024 அக்டோபரில் ஹூண்டாய் 1,960 ரூபாய்க்கு வந்தபோது சில்லறைப் பகுதி பாதிதான் நிரம்பியது. விண்ணப்பித்தவர்கள் 1,960 கொடுத்தார்கள்; காத்திருந்தவர்கள் முதல் நாளே அதற்குக் கீழே வாங்கினார்கள்.