மெஷினுக்கு வந்த மானியம் எந்த வருஷத்து வருமானம்?

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்காளர்: 40 லட்சத்துக்கு நிட்டிங் மெஷின் வாங்கினோம். மாநில அரசின் மூலதன மானியம் 25 சதவீதம், 10 லட்சம், கரன்ட் அக்கவுன்ட்டில் ஏறிவிட்டது. முதலாளி "இதர வருமானத்தில் போடு" என்கிறார். போடலாமா சார்?

வேண்டாம். முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மெஷினுக்குக் கொடுத்த 40 லட்சத்தையும் இந்த வருஷமே செலவாக எழுதினோமா? இல்லை. பத்து வருஷம் ஓடும் என்று வைத்து வருஷத்துக்கு 4 லட்சம் தேய்மானம் எழுதுகிறோம். அந்த மெஷினுக்காக வந்த பணம் மட்டும் ஒரே நாளில் எப்படி வருமானமாகும்? அப்படிப் போட்டால் இந்த வருஷ லாபம் 10 லட்சம் வீங்கும். முதலாளி அதைப் பார்த்துப் பணம் எடுப்பார். அடுத்த ஒன்பது வருஷமும் முழுத் தேய்மானத்தைச் சுமந்துகொண்டு "ஏன் லாபம் குறைந்தது" என்று உங்களைத்தான் கேட்பார்.

பணம் வந்த அன்று வங்கிக் கணக்கில் பற்று, "ஒத்திவைத்த அரசு மானியம்" என்ற கணக்கில் வரவு. அது பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம் உட்காரும். வருஷக் கடைசியில் அதிலிருந்து 1 லட்சத்தை எடுத்து லாப நட்டக் கணக்குக்கு அனுப்புங்கள். ஏப்ரலிலேயே மெஷின் ஓடத் தொடங்கியது, பழைய இரும்பு விலை எதுவும் ஒதுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், முதல் வருஷ முடிவில் மெஷின் 36 லட்சம், மானியம் 9 லட்சம். அந்த 9-இல் அடுத்த வருஷம் வருமானமாகப் போகிற 1 லட்சத்தை நடப்புப் பொறுப்பிலும், மீதி 8 லட்சத்தை நீண்டகாலப் பொறுப்பிலும் காட்டுங்கள். தேய்மானம் 4, மானியம் 1, லாபத்தில் விழும் அடி 3 லட்சம். 30 லட்சத்துக்கு மெஷின் வாங்கியிருந்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்.

ஈரோடு, ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சியில் இருப்பவர்: அப்படியென்றால் மெஷின் விலையிலேயே 10 லட்சத்தைக் கழித்து 30 லட்சம் என்று எழுதிவிட்டால் போச்சே? பெரிய கம்பெனிகளின் கணக்குத் தரமான இன்ட் ஏஎஸ் 20-இல்தான் அது கூடாது, நமக்கு அரசு மானியத்துக்கான கணக்குத் தரம் ஏஎஸ் 12 தானே அண்ணா?

பாதி சரி தம்பி. ஏஎஸ் 12 இரண்டு வழிகளையும் ஏற்கிறது. லாபமும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் இன்ட் ஏஎஸ் 20 பற்றி நீங்கள் படித்தது பழைய பாடம். 2018-இல் திருத்தம் வந்து, அங்கும் கழித்துக் காட்டலாம் என்றாகிவிட்டது. அதற்கு முன்புதான் ஒத்திவைத்த வருமானம் ஒன்றே வழி.

எனக்கு ஒத்திவைப்பதுதான் பிடிக்கும். கழித்துவிட்டால் மானியம் வாங்கிய தடயமே கணக்கில் மறைந்துவிடுகிறது. ஒரு கம்பெனியில் புத்தகத்தில் இருந்த குறைந்த மதிப்பையே காப்பீட்டுக்கும் கொடுத்திருந்தார்கள். மெஷின் எரிந்தபோதுதான் உறைத்தது. இன்னொரு இடத்தில் அதைவிடக் கூத்து. மெஷினை 30 லட்சத்துக்கு எழுதி, அதன்மேல் வருஷா வருஷம் 1 லட்சம் மானிய வருமானமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே மானியம் இரண்டு முறை! ஏதாவது ஒரு வழியில் போங்கள்.

பள்ளிபாளையம், விசைத்தறிக் கூடம் நடத்துபவர்: நாங்கள் குறைந்துசெல் மதிப்பு முறையில் 20 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம். மானியத்தை மட்டும் பத்தாகப் பிரித்து ஆண்டுக்கு 1 லட்சம் எடுக்கிறேன். சரிதானே?

இல்லைங்க, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "ஆயுட்காலத்துக்குப் பரப்பு" என்றதும் சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். ஏஎஸ் 12 சொல்வது, தேய்மானம் எந்த விகிதத்தில் எழுதப்படுகிறதோ அதே விகிதத்தில் என்று. மெஷின் மாடிப்படியில் இறங்கினால் மானியமும் அதே படிகளில்தான் இறங்க வேண்டும்.

அதே 40 லட்சம், 10 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் முறையில் வருஷா வருஷம் மீதி மதிப்பில்தான் 20 சதவீதம் என்பதால் முதல் மூன்று வருஷத் தேய்மானம் 8 லட்சம், 6.40 லட்சம், 5.12 லட்சம். மானியம் விலையில் கால் பங்கு என்பதால் விடுவிக்க வேண்டியது 2 லட்சம், 1.60 லட்சம், 1.28 லட்சம். நீங்கள் முதல் வருஷம் 1 லட்சம்தான் எடுத்திருக்கிறீர்கள், 1 லட்சம் குறைவு. ஐந்தாவது வருஷம் வரும்போது கணக்கு தலைகீழாகிவிடும். தேய்மானம் சுமார் 3.28 லட்சம், அதில் கால் பங்கு 82 ஆயிரம், ஆனால் நீங்கள் 1 லட்சம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. எந்த வருஷக் கடைசியிலும் மானியத்தின் மீதியை மெஷினின் புத்தக மதிப்பால் வகுத்துப் பாருங்கள். எப்போதும் அதே கால் பங்கு வரவேண்டும். வரவில்லை என்றால் இரண்டும் தனித்தனி வழியில் போகின்றன.

கரூர், வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி: மெஷின் ஓடி முழுசாக இரண்டு வருஷம் ஆனபிறகுதான் மானிய உத்தரவே வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்தே எழுதியிருக்க வேண்டுமா?

விண்ணப்பித்தது போதாது. நிபந்தனைகளை நிறைவேற்றிவிடுவோம், பணமும் வரும் என்ற நியாயமான உறுதி இருந்தால்தான் எழுதலாம். ஆய்வு முடியாமல், உத்தரவு இல்லாமல் அந்த உறுதி இருந்தது என்று நான் எழுதித் தரமாட்டேன். ஆக மூன்றாவது வருஷம் எழுதியதுதான் சரி.

அப்புறம், உங்களுக்கும் அதே 40 லட்சம், 10 லட்சம், பத்து வருஷம் என்று வைத்தால் மானியத்தை எப்படிப் பரப்புவது? முடிந்த இரண்டு வருஷத் தேய்மானத்துக்கு உரிய 2 லட்சத்தை இப்போதே வருமானமாக எடுக்கலாம், ஏனென்றால் அந்தச் செலவு ஏற்கெனவே நடந்து முடிந்தது என்பது ஒரு வாதம். அப்படிச் செய்தால் மூன்றாவது வருஷம் 3 லட்சம், அதன்பின் ஏழு வருஷம் ஒவ்வொரு லட்சம். மீதியுள்ள எட்டு வருஷத்துக்கு 1.25 லட்சமாகப் பரப்பலாம் என்பது மற்றொரு வாதம். ஆடிட்டர்களிடையே இரண்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு முதலாவதுதான் தர்க்கமாகப் படுகிறது. உங்கள் ஆடிட்டர் இரண்டாவதைச் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். எதைச் செய்தாலும் கணக்குக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

தஞ்சாவூர் பக்கம், விவசாயி: எனக்கு பவர் டில்லருக்கு மானியம் கிடைத்தது ஐயா. நானும் பத்து வருஷத்துக்குப் பிரிக்க வேண்டுமா?

பேலன்ஸ் ஷீட் போடுகிறவர்களுக்குத்தான் ஐயா இந்தப் பேச்செல்லாம். நீங்கள் பில்லையும் மானிய உத்தரவையும் பத்திரமாக வையுங்கள், டில்லரை விற்கும் முன் உத்தரவில் தடை ஏதும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், போதும்.

திருப்பூர் கணக்காளர் மறுபடியும்: முதலாளி ஒப்புக்கொண்டார். ஆனால் வருமான வரியில் இந்த 1 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டுமா என்கிறார்.

நல்ல கேள்வி. கவனிக்காவிட்டால் கைக்காசு போகும் இடம் இது. வருமான வரிக்கு ஒத்திவைப்பதே கிடையாது. மானியத்தை மெஷின் விலையிலிருந்து கழித்துவிட வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தில் 43(1) பிரிவின் 10-வது விளக்கம் சொன்னது அதைத்தான். ஆக வரிக் கணக்கில் உங்கள் மெஷின் 30 லட்சம், 15 சதவீதத் தேய்மானம் முதல் வருஷம் 4.50 லட்சம். கூடுதல் தேய்மானத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வரிக் கணக்குப் போடும்போது புத்தக லாபத்தோடு 4 லட்சம் தேய்மானத்தைக் கூட்டுங்கள், 1 லட்சம் மானிய வருமானத்தைக் கழியுங்கள், பிறகு 4.50 லட்சத்தைக் கழியுங்கள். நடுவில் உள்ளதை மறந்தால் விலையிலும் குறைத்து, வருமானமாகவும் காட்டி, பத்து வருஷத்தில் 10 லட்சத்துக்கு வீணாக வரி கட்டியிருப்பீர்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1994-இல் பி.ஜே. கெமிக்கல்ஸ் வழக்கில், தொழில் தொடங்க ஊக்கமாகத் தரும் மானியத்தை விலையிலிருந்து கழிக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனிகள் முழு விலைக்கும் தேய்மானம் எடுத்தன. அந்த வழியை அடைக்கத்தான் 1999-2000 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 10-வது விளக்கம் வந்தது. 2016-17 முதல், விலையில் கழிக்காத மானியங்களும் வருமானம் என்று இன்னொரு பூட்டும் போட்டார்கள்.

சேலம், பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கடன் வாங்கியவர்: என் மானியம் வங்கியில் மூன்று வருஷ டெபாசிட்டாக முடங்கிக் கிடக்கிறது. அது மூலதனம்தானே? நேராக மூலதனக் காப்பில் போட்டுவிடச் சொல்கிறார் என் மச்சான்.

மச்சான் எங்கேயோ கேட்டதைச் சொல்கிறார், முழுக்கத் தப்பும் இல்லை. மொத்த முதலீட்டைப் பார்த்து, தொழில் முனைவோரின் பங்காகத் தந்து, திரும்பக் கேட்பது வழக்கமில்லை என்றால், ஏஎஸ் 12 அதை மூலதனக் காப்பில் போடச் சொல்கிறது. அது லாப நட்டத்துக்கு வராது. உங்கள் திட்டத்தில் மானியத்தைத் திட்டச் செலவின் சதவீதமாகத்தான் கணக்கிடுகிறார்கள். அந்தப் பக்கம் வாதம் நிற்கும். ஆனால் கடன் வாங்கியதே ஒரு மெஷினுக்குத்தான் என்றால், மெஷின் மானியமாக ஒத்திவைக்க வேண்டும் என்ற மறுபக்கமும் நிற்கும். உத்தரவின் வாசகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். டெபாசிட் விஷயத்தில் மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: மூன்று வருஷம் கழித்து யூனிட்டைப் பார்வையிட்ட பிறகுதான் அது உங்கள் கடனில் சரிக்கட்டப்படும். அதுவரை கடன் பாக்கியை நீங்களாகவே குறைத்துக் காட்டாதீர்கள்.

ஈரோடு தம்பி: நடுவில் யூனிட்டை மூடிவிட்டால்? மானியத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கே எழுதுவது?

நான்கு வருஷம் ஓடி மூடினார்கள், 10 லட்சமும் திருப்பிக் கட்டு என்று கடிதம் வந்தது என்று வையுங்கள். வருஷா வருஷம் சமமாகப் பிரிக்கும் நேர்கோட்டு முறையில் ஒத்திவைத்த கணக்கில் மீதி 6 லட்சம். முதலில் அது தீரும். ஏற்கெனவே வருமானமாக எடுத்துவிட்ட 4 லட்சம் இந்த வருஷ லாபத்தில் செலவாக விழும். வட்டியும் கேட்டிருந்தால் அது தனிச் செலவு.

விலையில் கழித்திருந்தால் ஏஎஸ் 12-இல் கதை வேறு. 18 லட்சமாக நிற்கும் மெஷின் 28 லட்சமாக ஏறும், யூனிட் தொடர்ந்து ஓடினால் மீதி ஆறு வருஷத்துக்குச் சுமார் 4.67 லட்சம் தேய்மானம். இன்ட் ஏஎஸ்-இல் அப்படித் தள்ளிப்போட முடியாது, விட்டுப்போன தேய்மானத்தை உடனே எழுதச் சொல்லும்.

திருப்பிக் கேட்காமல் மெஷினை மட்டும் விற்றால், அந்த 6 லட்சம் மீதி விற்ற வருஷமே லாபத்துக்கு வந்துவிடும். மெஷின் போன பிறகும் மானியத்தை மட்டும் வருஷா வருஷம் விடுவித்துக்கொண்டிருந்த கணக்கு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சொத்துப் பதிவேட்டைப் புரட்டினால், மெஷினை எழுதியிருந்த வரிசை மூன்று வருஷத்துக்கு முன்பே அடிக்கப்பட்டிருந்தது.