கார்டில் கழிந்த பணமும் போன பயணமும்: வாசகர் கேள்வி-பதில்

சிங்காரச் சென்னை கார்டுக்குப் போனிலேயே 500 ரூபாய் ரீசார்ஜ் செய்தேன். வங்கியில் பணம் போய்விட்டது, சென்னையில் மெட்ரோ கேட் பழைய பேலன்ஸையே காட்டுகிறது. (சூரமங்கலம்)

பணம் எங்கும் போகவில்லை. கேட் படிப்பது கார்டின் சிப்பில் எழுதப்பட்ட தொகையை மட்டும்தான். நீங்கள் கட்டியது சர்வரில் காத்திருக்கிறது. நிலையத்து கவுன்டரிலோ இயந்திரத்திலோ கார்டை வைத்து பேலன்ஸ் அப்டேட் செய்தால்தான் அது சிப்புக்கு இறங்கும். அதனால் ரீசார்ஜ் பட்டியலில் ஒரு தேதியும், கார்டில் ஏறிய தேதி வேறாகவும் இருக்கும். கணக்குப் பார்க்கும்போது இரண்டாவது தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பில் 2,000 ரூபாய்க்கு மேல் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

பெங்களூரு மெட்ரோவில் கார்டில் 70 ரூபாய் இருந்தும் கேட் திறக்கவில்லை. நான் போக வேண்டிய இடத்துக்கு 30 ரூபாய்தானே? (ஓமலூர்)

நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று நுழையும்போது கேட்டுக்குத் தெரியாது. 2025 பிப்ரவரி கட்டண உயர்வுக்குப் பின் உச்சக் கட்டணம் 90 ரூபாய். அந்தத் தொகை கார்டில் இருந்தால்தான் உள்ளே விடும்.

லண்டனில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தோம். ஆய்ஸ்டர் கார்டில் ஒரே தூரத்துக்கு ஒரு முறை 3.50, ஒரு முறை 2.90, அடுத்து 2.50, அப்புறம் சைபர் என்று கழிந்திருக்கிறது. கார்டு கெட்டுவிட்டதா? (அஸ்தம்பட்டி)

கார்டு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் பார்த்தது தினசரி உச்சவரம்பு வேலை செய்ததை. நடு லண்டனான 1, 2 மண்டலங்களுக்குள் எத்தனை முறை போனாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 9 பவுண்டுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். 2025 கட்டணத்தில் அது 8.90.

உங்கள் நாளையே கூட்டிப் பாருங்கள். காலை 8 மணி நெரிசல் நேரம், 3.50. மதியம் நெரிசல் இல்லை, 2.90. ஆக 6.40. மாலை 5 மணிக்கு மறுபடி நெரிசல் நேரம், 3.50 எடுத்திருக்க வேண்டும். ஆனால் வரம்புக்கு மீதி 2.50தான், அதை மட்டும் எடுத்தார்கள். இரவு 9 மணிப் பயணம் சைபர். நள்ளிரவு 12.40க்குத் திரும்பியதும் சைபர்தான், ஏனென்றால் அங்கே கட்டண நாள் காலை நாலரை மணிக்குத்தான் முடிகிறது. நம் காலண்டர்த் தேதியை வைத்துப் பிரித்தால் கணக்கு ஒருநாளும் ஒட்டாது.

இனி நான் பலமுறை எழுதியும் யாரும் காதில் வாங்காத விஷயம். சைபர் வந்துவிட்டதே என்று இறங்கும்போது கார்டைத் தட்டாமல் வெளியேறாதீர்கள். டி.எல்.ஆர் ரயில் நிலையங்கள் பலவற்றில் கேட்டே கிடையாது, மஞ்சள் ரீடர் ஓரமாக நிற்கும். தட்டாமல் போனால் நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று கணினிக்குத் தெரியாது. முழுமையடையாத பயணம் என்று உச்சபட்சக் கட்டணத்தைப் போட்டுவிடும். அந்தத் தொகை தினசரி வரம்பிலும் சேராது, அதற்கு மேல் தனியாகப் போகும். வரம்பை நம்பி அலட்சியமாக இருப்பவர்தான் இதில் அதிகம் இழக்கிறார்.

கண்டுபிடிப்பது எளிது. கார்டைப் பதிவு செய்திருந்தால் எட்டு வாரப் பயணப் பட்டியல் கிடைக்கும். நுழைந்த நிலையம் இருந்து இறங்கிய நிலையம் இல்லாத வரியைத் தேடுங்கள். இருந்தால் எங்கே இறங்கினீர்கள் என்று சொல்லி உடனே திருப்பிக் கேளுங்கள். ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதினால் நான் என்ன செய்ய முடியும்?

லண்டனில் காலையில் வங்கிக் கார்டு, மாலையில் அதே கார்டைப் போனில் வைத்துத் தட்டினேன். வரம்பு விழவில்லை. (ஆத்தூர்)

விழாது. கணக்கு ஒன்றே ஆனாலும் ரீடருக்கு அவை இரண்டு கார்டு, இரண்டு தனி வரம்பு. காலையில் எதைத் தட்டினீர்களோ அதையே இரவுவரை தட்டுங்கள். இறங்கும்போதும் தட்டுங்கள்.

லண்டனில் பேருந்தில் மட்டும் போனால்? (ஏற்காடு)

2025 கட்டணத்தில் ஒரு பயணம் ஒன்றே முக்கால் பவுண்டு. மூன்று பயணத்தோடு அன்றைய பிடித்தம் நின்றுவிடும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும்.

மெட்ரோ கார்டில் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள், என்ன செய்வது? (அம்மாப்பேட்டை)

எந்த ஊர், எந்தக் கார்டு, என்றைக்கு? எதுவுமே எழுதவில்லை. நுழைந்த நிலையம், இறங்கிய நிலையம், நேரம், தட்டுவதற்கு முன்னும் பின்னும் இருந்த பேலன்ஸ், கடைசி ரீசார்ஜ் கார்டில் ஏறிய தேதி, இத்தனையும் அனுப்புங்கள். பழைய பேலன்ஸோடு ரீசார்ஜைக் கூட்டி, பயணங்களைக் கழித்து, இப்போதைய பேலன்ஸோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் ஒரு முழுப் பயணக் கட்டணமாக வந்தால் நீங்கள் மறந்துபோன பயணமாக இருக்கலாம், முதலில் அதை யோசியுங்கள்.

சென்னை மெட்ரோவில் தினசரி உச்சவரம்பு உண்டா? (கொண்டலாம்பட்டி)

சாதாரணக் கார்டில் கிடையாது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகத்தான் கழியும்.