போல்ட் ஏற்றுமதியும் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் கட்டணமும்

கேள்வி: திருவொற்றியூரில் போல்ட், நட் தயாரிக்கிறோம். ஜெர்மனி பையர் ‘கார்பன் கணக்கு’ கேட்கிறார். இது என்ன புது வரி, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?

நீங்கள் கட்ட வேண்டாம். இறக்குமதி செய்பவர்தான் சான்றிதழ் வாங்கிக் கட்டுவார். ஆனால் அந்தச் செலவு உங்கள் விலைப் பேச்சில் வந்து நிற்கும்.

ஐரோப்பிய எஃகு ஆலைகள் தாங்கள் விடும் கார்பனுக்கு விலை கொடுக்கின்றன. வெளியிலிருந்து வரும் எஃகுக்கு அது இல்லையென்றால் உற்பத்தி வெளிநாட்டுக்கு நகரும், புகை குறையாது. அதனால்தான் எல்லையில் அதே அளவு கட்டணம். 2026 ஜனவரி முதல் இது நடைமுறை.

உங்கள் பட்டறை ஃபர்னஸில் எரியும் கேஸ் கணக்கில் சின்னப் பங்குதான். பெரும் பகுதி நீங்கள் வாங்கும் வயர் ராடிலேயே வந்துவிடுகிறது. ஒரு டன் போல்ட்டுக்கு 2.5 டன் கார்பன், ஒரு டன் கார்பனுக்கான சான்றிதழ் விலை 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஆலைகளுக்கு ஒரு பகுதி கார்பனை விலை கொடுக்காமல் விட இன்னும் இலவச ஒதுக்கீடு இருப்பதால் அதற்கு ஈடாக, சும்மா ஒரு பேச்சுக்கு, 1.5 டன் கழித்தால் கட்டணம் 75 யூரோ. 2034-இல் அந்தக் கழிவு முழுதும் போய்விடும். அப்போது இதே போல்ட்டுக்கு 187.50.

ராடு தந்த ஆலையின் உண்மைக் கணக்கை இப்போதே எழுத்தில் கேளுங்கள். அது இல்லாவிட்டால் பொது மதிப்பு போடுவார்கள், பெரும்பாலும் கூடுதலாகவே. பழைய இரும்பை மின் உலையில் உருக்கிய ராடு என்றால் எண் நன்றாகவே இறங்கும். அந்த பையர் ஆண்டுக்கு மொத்தமே 50 டன்னுக்குள் இறக்குமதி செய்தால் விலக்கு உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.