மூன்று நாளாக நிற்காத விக்கல்

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. சர்க்கரை நோய் உண்டு. மூன்று நாளாக விக்கல் நிற்கவில்லை, தூக்கத்திலும் வருகிறது. சர்க்கரை கொடுத்தோம், மூச்சை அடக்கச் சொன்னோம், திடுக்கிட வைத்தும் பார்த்தோம். முட்டிவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார், வேறு தொந்தரவு இல்லை. நல்ல கைவைத்தியம் ஒன்று சொல்லுங்கள்.
– பென்னாகரம் வாசகர்

பதில்: சொல்ல மாட்டேன். கைவைத்தியத்துக்கான நேரம் நேற்றே முடிந்துவிட்டது. 48 மணி நேரம் தாண்டிய விக்கலை மருத்துவர்கள் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். இன்றே அப்பாவைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போகும்போது அந்த முட்டிவலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தால் அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோங்கள்.

மாத்திரையை ஏன் கேட்கிறேன் என்றால், நீங்கள் 'வேறு தொந்தரவு இல்லை' என்று எழுதிய அதே வரியில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. நம் மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் அதைக் குடித்தே வளர்ந்த தலைமுறைக்கு முட்டியும் இடுப்பும் வலிப்பது புதிதல்ல. வலிக்கிறது என்றதும் சீட்டு இல்லாமல் மூன்று நிற மாத்திரைகளைக் கலந்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கலவையில் வலிநிவாரணி இருக்கும். பல சமயம் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டே விக்கலைக் கிளப்பக்கூடியது, சர்க்கரையையும் ஏற்றிவிடும். வலிநிவாரணியோ, சர்க்கரையால் ஏற்கெனவே நலிந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிறுநீரகம் கழிவை வெளியேற்றாமல் ரத்தத்தில் யூரியா ஏறினாலும் விக்கல் விடாது. ஆனால் பல நாளாக ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அதனால்தான் மருத்துவர் அந்த மாத்திரையைப் பார்க்க வேண்டும்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை சட்டென்று இழுக்கிறது, உடனே குரல்வளை மூடிக்கொள்கிறது. அந்தச் சத்தம்தான் விக்கல். சூடான களியை மெல்லாமல் உருண்டை உருண்டையாக விழுங்கினால் இரைப்பை உப்பி, மேலே இருக்கும் அந்தத் தசையைச் சீண்டும். சோடா, சாராயம், அதிகக் காரம், நெஞ்செரிச்சல் எல்லாமும் விக்கலைக் கிளப்பும். இந்த விக்கல் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்கு நிதானமாக மூச்சை இழுத்துப் பத்து, பதினைந்து நொடி அடக்கலாம். குளிர்ந்த தண்ணீரை இடைவிடாமல் சிறு மடக்குகளாகக் குடிக்கலாம். உட்கார்ந்து முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்பூன் சர்க்கரையை விழுங்குவதும் பலருக்குக் கேட்கிறது, ஆனால் உங்கள் அப்பாவுக்கு இனி அது வேண்டாம். கண்ணை அமுக்குவதையும் கழுத்து நரம்பைத் தேய்ப்பதையும் யாருக்கும் செய்யாதீர்கள், வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு திடீரென்று குறைந்துவிடும்.

அப்பாவின் விக்கல் இந்த ரகம் அல்ல என்பதற்கு நீங்களே அடையாளம் சொல்லிவிட்டீர்கள். தூக்கத்திலும் விக்கல் விடவில்லை என்றால் உடலுக்குள் காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். மருத்துவமனையில் சர்க்கரை, சோடியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் யூரியா, கிரியேட்டினின் பார்க்கச் சொல்லி ரத்தம் எடுப்பார்கள். ஈசிஜியும் எடுப்பார்கள். 'விக்கலுக்கு எதற்கு ஈசிஜி' என்று மறுக்காதீர்கள். இதயத்தின் கீழ்ப்பகுதியில் அடைப்பு வந்தால் அரிதாக விக்கலாகவும் தெரியும், சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். தேவைப்பட்டால் நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள்.

இடையில் பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, நடக்கும்போது ஒரு பக்கம் தள்ளினாலோ, தண்ணீர் விழுங்க முடியாமல் போனாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். மூளையின் அடித்தண்டில் வரும் பக்கவாதம் விக்கலோடும் வரலாம். நெஞ்சு அழுத்தம், மூச்சுத்திணறல், குப்பென்று வியர்வை இருந்தாலும் அப்படியே.

கடைசியாக ஒன்று. விக்கலை நிறுத்தவே மாத்திரைகள் இருக்கின்றன. பேக்லோஃபென், குளோர்ப்ரோமசின் இரண்டையும் மருத்துவர்கள் தருகிறார்கள். பெயர் தெரிந்துவிட்டது என்று அதே மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் பேக்லோஃபென் உடம்பிலேயே தேங்கும். ஆள் எழுப்ப முடியாத மயக்கத்துக்கே போகலாம். கிரியேட்டினின் முடிவு கைக்கு வந்த பிறகு மருத்துவர் எழுதித் தரட்டும். அதற்குள் விக்கல் தானாக நின்றுவிட்டாலும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்தே ஆக வேண்டும்.