79.6 வாங்கியும் ஏ மைனஸ்: ரவுண்டு பண்ண வேண்டிய இடம் எது?

கேள்வி: வக்கீல் சார், பினாங்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கடைசி செமஸ்டர் முடித்துவிட்டேன். குவிஸ், டெஸ்ட், அசைன்மென்ட், ஃபைனல் நாலையும் நானே கூட்டிப் பார்த்தால் 79.6 வருகிறது. ரிசல்ட்டில் 78, ஏ மைனஸ் என்று போட்டிருக்கிறார்கள். என்னைவிடக் குறைவாக எடுத்த தோழிக்கு 80, ஏ. லெக்சரரிடம் கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் ரவுண்டு பண்ணும்" என்கிறார். கேஸ் போட முடியுமா? இருவருடைய மார்க்கும், ஹேண்ட்புக் பக்கமும் இணைத்திருக்கிறேன். - பட்டர்வொர்த் மாணவி

பதில்: கேஸுக்கு அப்புறம் வருவோம் தங்கச்சி, முதலில் கணக்கு. ஏனென்றால் கணக்கைச் சரியாக எழுதிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை அப்பீல் கமிட்டியிலேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய தாளின்படி குவிஸுக்கு 10 சதவீதம், அதில் 74 எடுத்ததால் 7.4. டெஸ்டுக்கு 20, அதில் 77 எடுத்ததால் 15.4. அசைன்மென்டுக்கு 30, 75-க்கு 61 என்றால் 24.4. ஃபைனலுக்கு 40, 81 எடுத்ததால் 32.4. கூட்டினால் 79.6, அதை ஒரே ஒரு முறை முழு எண்ணாக்கினால் 80. ஆனால் கூட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிவிட்டால் 7, 15, 24, 32 என்று ஆகி 78-இல் போய் நிற்கும். நாலு இடத்திலும் உங்களுக்கு 0.4 கழன்றுவிட்டது, மொத்தம் 1.6 போச்சு.

தோழியின் கணக்கு இன்னும் வேடிக்கை. அவருக்கு 7.5, 15.6, 23.6, 31.6. உண்மையான கூட்டுத்தொகை 78.3 தான். ஆனால் எல்லாமே அரைக்கு மேலோ அரையிலோ இருப்பதால் 8, 16, 24, 32 என்று ஏறி 80 ஆகிவிட்டது. அதாவது 79.6 எடுத்தவர் கீழே, 78.3 எடுத்தவர் மேலே. ஒரு மார்க் இரண்டு மார்க் வித்தியாசம் என்று கமிட்டி தட்டிக்கழிக்கலாம், ஆனால் வரிசையே தலைகீழாகிவிட்டதை அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது, அதனால் உங்கள் கடிதத்தில் முதல் வாதமாக வர வேண்டியது இதுதான்.

ஆனால் உங்கள் லெக்சரர் சொன்னபடி சிஸ்டம் உண்மையிலேயே ஒவ்வொரு படியிலும் ரவுண்டு பண்ணுகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். எக்செலில் தசம இடங்களை மறைத்துவிட்டால் திரையில் 7, 15, 24, 32 என்றுதான் தெரியும், உள்ளே 7.4, 15.4 அப்படியே இருக்கும். அப்படி வெறும் தோற்றம் மட்டும் என்றால் மொத்தம் 80 என்று காட்டியிருக்கும், கூட்டிப் பார்ப்பவருக்கு "7+15+24+32 எப்படி 80?" என்று குழப்பமாக இருக்கும். உங்கள் ஸ்லிப்பில் 78 என்று இருப்பதால் மார்க்கே வெட்டப்பட்டிருக்கிறது, பார்வைக்கு மட்டும் அல்ல. இரண்டு முறைக்கும் வித்தியாசம் இதுதான்:

```
=ROUND(B2,0)+ROUND(C2,0)+ROUND(D2,0)+ROUND(E2,0)
=ROUND(B2+C2+D2+E2,0)
```

B2 முதல் E2 வரை உங்கள் 7.4, 15.4, 24.4, 32.4 என்று போட்டுப் பாருங்கள், முதல் வரி 78 தரும், இரண்டாவது வரி 80. இந்த இரண்டையும் அப்பீலோடு இணையுங்கள், கமிட்டியில் யாரும் கையால் கூட்டிப் பார்க்கமாட்டார்கள்.

இப்போது சட்டம். தனியார் பல்கலைக்கழகம் என்பதால் உங்களுக்கும் அவர்களுக்கும் இருப்பது அடிப்படையில் ஒப்பந்தம், 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருவது, ஹேண்ட்புக் அதன் பகுதி. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் "இறுதி மதிப்பெண் அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றப்படும்" என்று இருக்கிறது. பாக மதிப்பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கிரேடு அட்டவணையும் ஏ மைனஸ் 75 முதல் 79, ஏ 80 முதல் 100 என்று முழு எண்ணில்தான் இருக்கிறது, நடுவில் 79.6-க்கு இடமே இல்லை. அப்படியென்றால் இறுதியில் ஒருமுறை ரவுண்டு பண்ணுவதுதான் அந்த அட்டவணைக்குத் தேவையான ஒரே படி, அதற்கு முன்னால் பண்ணுவதற்கு ஹேண்ட்புக் அதிகாரம் தரவில்லை என்பது உங்கள் வாதம். சொற்கள் இரண்டு பொருள் தருகின்றன என்று அவர்கள் சொன்னாலும், தெளிவில்லாத வாசகத்தை எழுதியவருக்கு எதிராகப் படிக்கும் விதி நீதிமன்றத்தில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அப்பீல் படிவத்தில் "மறுமதிப்பீடு" என்று டிக் பண்ணிவிடாதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. மறுமதிப்பீடு என்றால் பேப்பரைத் திரும்பத் திருத்தச் சொல்கிறீர்கள், அது ஆசிரியரின் கல்வித் தீர்ப்பு, அதற்குள் நீதிமன்றம் நுழையத் தயங்கும். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் லிங்கன்ஷயர் பல்கலைக்கழக வழக்கில் இந்தக் கோட்டைத்தான் போட்டது: கல்வித் தீர்ப்பு நீதிமன்றம் தீர்க்கும் விஷயம் அல்ல, பல்கலைக்கழகம் தன் விதியை மீறியதா என்பதை ஒப்பந்தமாகக் கேட்கலாம். அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். உங்களுடையது கூட்டல் பிரச்சினை, "மறுகணக்கீடு" என்று எழுதுங்கள். "கொடுத்த மார்க்குகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை" என்ற வரியையும் சேருங்கள்.

பாகவாரி மார்க்கைத் தசமத்தோடு தர மறுத்தால், 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள், 21 நாளில் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனத்துக்குத்தான் இது பொருந்தும். அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வழி வேறு: உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு, முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். பல்கலைக்கழகத்தின் உள் அப்பீல் கெடு அதைவிட ரொம்பக் குறைவாக இருக்கும், ஹேண்ட்புக்கைப் பாருங்கள்.

எப்போது உங்களுக்குக் கேஸே கிடையாது? ஹேண்ட்புக்கிலோ, செமஸ்டர் தொடக்கத்தில் தந்த கோர்ஸ் அவுட்லைனிலோ "ஒவ்வொரு பாகமும் முழு எண்ணில் பதியப்படும்" என்று இருந்தால். அது மோசமான விதிதான், ஆனால் முன்னமே சொல்லி எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டிருந்தால் நான் உங்களிடம் பீஸ் வாங்க மாட்டேன். அப்புறம், யாராவது 79.47-ஐ முதலில் 79.5 ஆக்கி, பிறகு 80 ஆக்கி ஏ கேட்டால் அதுவும் நிற்காது, இரண்டு முறை ரவுண்டு பண்ணும் தவறு அது, இந்தத் தடவை மாணவருக்குச் சாதகமாக.

கடைசியாக ஒன்று, கேட்கப் பிடிக்காது. மறுகணக்கீடு வந்தால் முழு வகுப்புக்கும் வரலாம், தோழியின் 80 திரும்ப 78 ஆகிவிடும். நீங்கள் கடிதத்தில் அவர் பெயரைப் போட வேண்டியதில்லை, "வேறொரு மாணவி" என்று மார்க்கை மட்டும் காட்டினால் போதும், ஆனால் அதைக் காட்ட அவரிடம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், இது உங்கள் சிநேகிதத்துக்காக மட்டும் இல்லை, அந்த மார்க் அவருடைய தனிநபர் தகவல் என்பதாலும்தான். சம்மதம் கிடைக்காவிட்டால் உங்கள் 79.6 மட்டுமே போதும். போர்ட்டலில் பாகவாரி மார்க் இப்போது தெரிகிறதென்றால் இன்றே தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அடுத்த செமஸ்டர் திறந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போகலாம்.